வளரும் பிள்ளைக்கு எத்தனை சென்டிமீட்டர்?

"மூன்று முதல் நான்கு வயது" என்று போட்டு விற்கும் கவுன்கள் மூன்றை வெவ்வேறு இடங்களில் வாங்கிக் கட்டிலில் விரித்து டேப் வைத்துப் பாருங்கள். ஒன்று தோளிலிருந்து கீழ்விளிம்புவரை 52 செ.மீ. இருக்கும். அடுத்தது 56. மூன்றாவது 60 வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. முழங்கால்வரை தொங்கும் கவுனில் 52க்கும் 60க்கும் உள்ள தூரத்தை ஒரு குழந்தை வளர்ந்து கடக்க ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆகும். சீட்டில் மட்டும் மூன்றுக்கும் ஒரே வயது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. பிள்ளை வளருமே என்ற நல்லெண்ணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டிங் மாஸ்டர் மூன்று வயதுக்கு வெட்டும்போதே அரை வருஷ வளர்ச்சிக்கு இடம் விட்டு வெட்டுகிறார். விற்பவர், "சின்னதா இருக்குன்னு திரும்பி வந்தா கூரியர் செலவு நம்ம தலையில" என்று பயந்து, மூன்று வயதுக்குத் தைத்ததை இரண்டு முதல் மூன்று என்று குறிக்கிறார். வாங்குகிற அம்மா, "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் தள்ளி எடுக்கிறார். ஒரே வளர்ச்சிக்கு மூன்று பேர் மூன்று முறை இடம் விட்டாயிற்று. பார்சலைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் கழுத்து தோளைவிட்டு நழுவுகிறது, விளிம்பு காலைத் தடுக்குகிறது. சரியாகப் பொருந்துகிற நாள் வரும்போது பண்டிகை போய்விட்டிருக்கும், அல்லது சாயம் மங்கியிருக்கும்.

இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் குழந்தைத் துணி விற்கும் பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாத வாடிக்கையாளருக்கு அவர்கள் எழுதும் நாலு வரி விவரம்தான் கடை. அந்த நாலு வரியில் இரண்டு சேதி தெளிவாக இருந்தால் போதும்: இந்த உடுப்பு இன்றைக்கு எந்த அளவு உடம்புக்குப் பொருந்தும், வளர்ச்சிக்கு இதில் ஏற்கெனவே எவ்வளவு விட்டிருக்கிறது. இரண்டாவது சேதியை எழுதிவிட்டால் அம்மா மறுபடி ஒரு சைஸ் கூட்ட மாட்டார். பெரும்பாலான விவரங்களில் விடுபடுவது இந்த இரண்டாவதுதான்.

ஈரோட்டில் வீட்டிலேயே மெஷின் போட்டுக் குழந்தைத் துணி தைத்து விற்கும் தோழி ஒருவருக்கு வரும் செய்திகளில் பாதி இந்த மாதிரிதான் இருக்கும்: "அக்கா, பாப்பாக்கு மூணு வயசு முடியப்போகுது. கொஞ்சம் பெருசாவே அனுப்பிருங்க." அவர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "உயரம் எவ்வளவும்மா?" வயதை அவர் காதில் வாங்கிக்கொள்கிறார், ஆனால் அதை வைத்து உடுப்பு எடுப்பதில்லை.

ஏன் எடுப்பதில்லை என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையே சான்று. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், நன்றாக ஊட்டி வளர்க்கப்பட்ட குழந்தைகளை அளந்து தயாரித்தது அது. அதன்படி பெண் குழந்தையின் நடுத்தர உயரம் மூன்று வயதில் 95 செ.மீ., நான்கில் ஏறத்தாழ 103, ஐந்தில் 109. பையன்கள் இதைவிட ஒரு சென்டிமீட்டர் போலக் கூடுதல். ஆனால் நடுத்தர உயரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நான்கு வயதுச் சிறுமிகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 98க்கும் 107க்கும் இடையே பரந்து கிடக்கிறார்கள், மீதிப் பேர் அதற்கும் வெளியே. நெட்டையான மூன்று வயதுக்காரியும் குட்டையான நான்கரை வயதுக்காரியும் ஒரே கவுனைப் போடலாம். வயதை மட்டும் எழுதினால் இருவரில் ஒருவருக்கு அது தவறாகத்தான் போய்ச் சேரும்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நான்கு வயதுச் சிறுமி 94 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால்தான் இந்தக் கணக்கில் வருவாள். அட்டவணையின் நடுக்கோட்டை அப்படியே எடுத்து "நான்கு வயது என்றால் 103" என்று எழுதுபவர், நாலில் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 9 செ.மீ. பெரிய உடம்புக்கான உடுப்பை விற்கிறார்.

திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எடுத்து விற்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய பனியன் சட்டையின் கழுத்துச் சீட்டில் 98, 104, 110 என்று ஆறு ஆறாக எண் இருக்கும். அது வயதும் இல்லை, துணியின் நீளமும் இல்லை. போடப்போகும் குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். பக்கத்திலேயே 104க்கு நான்கு வயது என்று அச்சிட்டிருப்பார்கள். அது அந்த நாட்டுக் குழந்தைகளுக்கான வயது. எண்ணை வைத்துக்கொண்டு வயதை விட்டுவிட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் புழங்கும் 18, 20, 22, 24 எண்கள் வேறு ரகம். ஒரு தயாரிப்பாளருக்கு அது இஞ்சில் நீளம், இன்னொருவருக்கு மார்பளவு, வேறொருவருக்கு வெறும் வரிசை எண். அந்த எண்ணை விவரத்தில் எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது.

ஆகவே சீட்டை மறந்துவிட்டு, கையில் இருக்கும் உடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். அளவு முதலில், அதிலிருந்து உடம்பு, உடம்பிலிருந்து உயரம், உயரத்திலிருந்து வயது. வயது கடைசியில் வரும் விடை.

தோழியின் கவுன் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நெய்த பருத்தித் துணி, சின்னக் கை, முதுகில் பொத்தான். தயாரித்தபோது அவர் மனத்தில் இருந்தது மூன்று முதல் நான்கு வயது. தைத்து முடித்ததும் அளக்கவில்லை. ஒன்றைத் துவைத்து, நிழலில் காயவைத்து, இழுக்காமல் தேய்த்து, அதன் பிறகு மேஜையில் தட்டையாகப் போட்டு அளந்தார். துவைக்காமல் அளந்து எழுதுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் பிழை. சுருங்காமலிருக்கப் பதப்படுத்தாத பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து சுருங்கலாம், பனியன் துணி அதைவிடக் கூடுதலாகவும் போகும். 61 செ.மீ. கவுன் ஐந்து சதவீதம் சுருங்கினால் 58. போன மூன்று சென்டிமீட்டர், ஒரு குழந்தையின் ஒன்பது மாத வளர்ச்சிக்கு ஈடு. தாராளமாக விட்டிருக்கிறோம் என்று நினைத்தது முதல் வாரத்திலேயே வாளித் தண்ணீரில் கரைந்துவிடுகிறது.

அளக்கும்போது நீளத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். கழுத்தும் தோளும் சேரும் மேல்முனையிலிருந்து அளந்தால் ஒரு எண், முதுகுக் கழுத்தின் நடுவிலிருந்து அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்த எண். எது வேண்டுமானாலும் சரி, எல்லா உடுப்புக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எங்கிருந்து என்று எழுதவும் வேண்டும். மார்பை அக்குளுக்குச் சற்றுக் கீழே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அளந்து இரண்டால் பெருக்குவது வழக்கம். ஒரே சைஸில் ஒன்றை மட்டும் அளக்கக் கூடாது. அடுக்காகப் போட்டு வெட்டும்போது மேல் துணியும் அடித்துணியும் நகர்ந்துவிடுவதால், கட்டின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று மூன்றை அளந்தால் எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் விலகல் இயல்பு. மூன்று விலகினால் அது விவரத்தில் சரிசெய்கிற விஷயம் அல்ல, வெட்டும் மேஜையில் சரிசெய்ய வேண்டியது.

அந்தக் கவுனுக்குக் கிடைத்த அளவுகள்: மார்பு சுற்றளவு 62, தோள் 25, மேல்முனையிலிருந்து நீளம் 58.

முதலில் மார்பு. நெய்த துணி இழுபடாது. குழந்தை கையைத் தூக்கவும் மூச்சு வாங்கவும் உடம்பைவிட ஆறு செ.மீ.யாவது லூஸ் வேண்டும். 12ஐத் தாண்டினால் பார்க்கத் தொளதொளவென்று இருக்கும். 62இல் ஆறைக் கழித்தால் 56, பன்னிரண்டைக் கழித்தால் 50. ஆக 50 முதல் 56 வரை மார்பளவு உள்ள பிள்ளைக்கு இது ஆகும். இந்த வயதில் மார்பு வருஷத்துக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான் கூடுகிறது என்பதால், இரண்டரை வயதிலிருந்து ஐந்து தாண்டியும் ஏராளமான பிள்ளைகள் இந்த வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அகலத்தை வைத்து வயதைப் பிரிக்க முடியாது. நீளம்தான் பிரிக்கும்.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் தோளின் மேல்முனையிலிருந்து முழங்கால்வரை உள்ள நீளம், மொத்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும். தோழி அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அளந்து, நூற்றுக்கு 54 என்று வைத்திருக்கிறார். விற்பவர் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளை அளந்து இந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கில் 98 செ.மீ. உயரச் சிறுமிக்கு முழங்கால் 53இல் வருகிறது. 58 செ.மீ. கவுன் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே ஐந்து செ.மீ. தொங்கும். கொஞ்சம் பெரிதுதான், ஆனால் ஓடலாம், படியேறலாம். 103 உயரத்துக்கு இரண்டு செ.மீ. கீழே. 107க்குச் சரியாக முழங்காலில். 110க்கு ஒரு செ.மீ. மேலே. 113 ஆகும்போது மூன்று செ.மீ. மேலே ஏறிவிடும். அதற்குப் பிறகும் போடலாம் என்றாலும், விற்பவர் அதுவரை பொறுப்பேற்கக் கூடாது. ஆக, இந்தக் கவுனின் உடம்பு 98 முதல் 110 செ.மீ. உயரம்.

வயதுக்கு வருவோம். உலக அட்டவணையின் நடுக்கோட்டில் 98 என்பது ஏறத்தாழ மூன்று வயது நான்கு மாதம், 110 என்பது ஐந்தைத் தாண்டி ஓரிரு மாதம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் 98ஐத் தொட நான்கு வயதாகிறது என்பதையும் சேர்த்தால், "பெரும்பாலும் மூன்றரை முதல் ஐந்தரை வயது" என்று எழுதுவதே நேர்மை. மூன்று முதல் நான்கு என்று நினைத்துத் தைத்த கவுன் அது. மூன்று வயது முடிந்த, 92 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு அதை அனுப்பியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எட்டு செ.மீ. தொங்கியிருக்கும். அந்த அம்மா "கொஞ்சம் பெருசாவே" என்று அடுத்த சைஸ் கேட்டிருந்தால் கணுக்காலை எட்டிப் பார்த்திருக்கும்.

இப்போது வளர்ச்சி. மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை பிள்ளை வருஷத்துக்கு ஏழு செ.மீ. போல உயர்கிறது. அந்த ஏழும் எல்லா இடத்திலும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. தோளிலிருந்து முழங்கால்வரையிலான பங்கு நான்கு செ.மீ. அளவு. முழுக்கைச் சட்டையின் கைக்கு இரண்டு, இரண்டரை. மார்புக்கு இரண்டு. தோள் அகலத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பிள்ளைகள் இந்த வயதில் நெடுக வளர்கிறார்கள், அகலமாக அல்ல. எனவே "வளர்வதற்காக" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும்போது தேவையான நீளத்தோடு தேவையில்லாத தோளும் கழுத்தும் சேர்ந்து வருகின்றன. நீளம் கூடினால் மடித்து அடிக்கலாம், கையைச் சுருட்டிவிடலாம், பேன்ட் இடுப்பில் எலாஸ்டிக்கை இழுத்து முடிச்சுப் போடலாம். தோள் இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. வளர்ச்சிக்கு இடம் விட்டுத் தைப்பவர் நீளத்திலும் கையிலும் விட வேண்டும், மார்பில் கொஞ்சம், தோளிலும் கழுத்திலும் விடவே கூடாது.

கழுத்துக்கு மட்டும் வேறொரு சட்டம் இருக்கிறது. குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, அது சீக்கிரமே பெரிதாகிவிடுகிறது. இரண்டு வயதில் தலைச் சுற்றளவு 47, 48 செ.மீ. இருக்கும், ஐந்து வயதில் 50 போலத்தான் ஆகியிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையின் பனியன் சட்டைக் கழுத்து, இழுத்தால் 50க்கு மேல் விரியாவிட்டால் காதைப் பிய்த்துக்கொண்டுதான் இறங்கும். மார்பும் நீளமும் மிகச் சரியாக இருந்தும் "டைட்டா இருக்கு" என்று திரும்பி வரும் சட்டைகளில் இந்தக் கழுத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பனியன் சட்டை விவரத்தில் கழுத்து எவ்வளவு விரியும் என்று ஒரு எண் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

வளர்ச்சிக்கு இடம் விடுவதில் நம் தையற்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பட்டுப் பாவாடையில் டக் பிடித்துத் தைக்கும் வழக்கம் அதற்காகவே இருக்கிறது. விலை கொடுத்து எடுத்த பட்டு ஒரே தீபாவளியோடு நின்றுவிடக் கூடாது என்று ஜரிகைக் கரைக்கு மேலே ஒன்றோ இரண்டோ மடிப்பைப் பிடித்து ஓட்டிவிடுவார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். ரெடிமேடாகப் பட்டுப் பாவாடை விற்பவர்கள் படத்தில் இந்த டக் அழகாகத் தெரியும்படி வைக்கிறார்கள், ஆனால் பிரித்தால் எவ்வளவு கூடும் என்று எழுதுவதில்லை. கணக்கு எளிது. இரண்டரை செ.மீ. ஆழத்துக்குப் பிடித்த டக், துணியை இரட்டையாக மடித்திருப்பதால், பிரித்தால் ஐந்து செ.மீ. கொடுக்கும். அப்படி இரண்டு டக் இருந்தால் பத்து. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வருஷத்துக்கு நாலு, நாலரை செ.மீ. கூடும் பிள்ளைக்கு அது இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும்.

ஆனால் சட்டை அவ்வளவு நாள் ஓடாது. பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால், ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு செ.மீ. பிரித்தாலே முன்னும் பின்னுமாக, இரண்டு பக்கமும் சேர்ந்து மார்பில் நான்கு செ.மீ. கிடைக்கும். மார்புக்கு அது இரண்டு வருஷத்துக்குப் போதும். கை துளையும் தோளும்தான் முதலில் பிடிக்கும், அங்கே பிரிக்க ஒன்றும் இருக்காது. பாவாடை மூன்று தீபாவளி பார்க்கும், சட்டை இரண்டோடு நின்றுவிடும் என்பது பல வீடுகளின் அனுபவம். இதை விற்பவர் மறைக்க வேண்டியதில்லை. "பாவாடையில் 10 செ.மீ. டக், சட்டையின் பக்கத் தையலில் ஓரத்துக்கு 1 செ.மீ., தோளில் இல்லை" என்று எழுதினால் அம்மா தோளைப் பார்த்து சைஸ் எடுப்பார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பட்டில் ஊசித் தடமும் மடிப்புக் கோடும் பிரித்த பிறகு தெரியலாம், மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் புதிதாகவே இருப்பதால் நிறமும் லேசாக மாறித் தெரியலாம். டக் பிடிக்காமல் இரண்டு சைஸ் பெரிய பாவாடையை வாங்கித் தொங்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். தரையில் புரளும் பாவாடையோடு பிள்ளையைப் படியேறவோ வண்டியில் உட்காரவோ விடக் கூடாது.

இவ்வளவையும் வாடிக்கையாளரிடம் கொட்ட வேண்டியதில்லை. தோழியின் கவுனுக்குக் கடைசியில் நின்ற விவரம் இதுதான்:

"நெய்த பருத்திக் கவுன், முதுகில் பொத்தான். 98 முதல் 110 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு. பெரும்பாலும் மூன்றரை முதல் ஐந்தரை வயது. உயரத்தைப் பார்த்து எடுங்கள். ஒருமுறை துவைத்தபின் அளந்தது: நீளம் (கழுத்தோரத் தோள் முனையிலிருந்து) 58, மார்பு சுற்றளவு 62, தோள் 25. இன்று 98 செ.மீ. இருந்தால் முழங்காலுக்குக் கீழே வரும், ஒன்றரை வருஷம் போடலாம். 103 இருந்தால் ஒரு வருஷம். 107க்கு மேல் என்றால் அடுத்த சைஸ் எடுங்கள். வளர்ச்சிக்கு நீளத்தில் விட்டே தைத்திருக்கிறோம், அதனால் பெரிய சைஸ் எடுக்க வேண்டாம். உயரம் அளக்க முடியாவிட்டால், இப்போது சரியாக இருக்கும் கவுன் ஒன்றைத் தட்டையாகப் போட்டு அளந்து ஒப்பிடுங்கள்."

கடைசி வரி சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதிகம் உதவுவது அதுதான். மூன்று வயதுப் பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து அளப்பது லேசான காரியம் இல்லை. அலமாரியில் இருக்கும் கவுன் ஓடாது.

விற்பனைத் தளங்கள் சில, வயதை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று வைத்திருக்கின்றன. அதில் மூன்றரை, ஐந்தரை என்பதெல்லாம் இருக்காது. அப்போது, அந்த உடுப்பு வரும் நாளிலேயே அதிகம் பேருக்குப் பொருந்தும் வயதை எடுக்க வேண்டும், அது கடைசியாகப் போடக்கூடிய வயதை அல்ல. இந்தக் கவுனுக்கு நான்கு முதல் ஐந்து. உயரத்தை விவரத்தின் முதல் வரியில் வைத்துவிட்டால், பட்டியலில் விட்டுப்போனதை அது ஈடுகட்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேகமாக நடக்கும். பிறந்தபோது 50 செ.மீ. இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் 75ஐ எட்டுகிறது. அங்கே வளர்ச்சிக்கு விடும் ஐந்து செ.மீ. இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு சைஸ் என்று பிரிப்பதே சரி. "0 முதல் 1 வயது" என்று ஒரே சைஸில் விற்கும் உடுப்பு யாருக்கும் பொருந்தாது. டயப்பர் போடும் பிள்ளைக்கான பேன்ட்டில் இடுப்பின் முன்பக்கத்திலிருந்து கவட்டை வழியாகப் பின்பக்கம்வரை உள்ள அளவும் வேண்டும். டயப்பரின் மேல் ஏறாத பேன்ட் மற்ற அளவில் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

விவரத்தை எழுதி முடித்த பிறகு, அது சரியா என்பதைத் திரும்பி வருகிற செய்திகள்தான் சொல்லும். "பெருசா இருக்கு" என்று வந்தால் தோழி மூன்றைக் கேட்கிறார்: பிள்ளையின் உயரம், எந்த இடத்தில் பெரிது, எந்த வரியைப் பார்த்து எடுத்தீர்கள். நீளம் பெரிது என்றால் உயர வரம்பின் கீழ் எண்ணை உயர்த்த வேண்டும். தோள் பெரிது என்றால் விவரத்தைத் தொடாமல் கட்டிங் மாஸ்டரிடம் போக வேண்டும். இரண்டு துவைப்புக்குப் பிறகு "சின்னதாயிடுச்சு" என்று வந்தால் துணி. அந்த லாட்டில் இன்னொன்றைத் துவைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் ஆலையிலிருந்து வரும் அடுத்த தானும் முந்தையதைப் போலவே சுருங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதுபவர்களின் வார்த்தைகளையும் அவர் அதே கவனத்தோடு படிக்கிறார். "துணி சூப்பர்க்கா, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அம்மாவுக்குக் குறையே இல்லை. ஆனால் இந்த வருஷம் போடத்தான் அவர் காசு கொடுத்தார். அன்றைக்கே அந்த உடுப்பின் வயதைத் தோழி ஒரு வருஷம் தள்ளி எழுதினார்.